வரைவில் கிடந்த கடிதம்

பீன்யா தொழிற்சாலையிலிருந்து சிவசங்கரன் போன் செய்தபோது அலர்மேல்மங்கை தலைமை அலுவலகத்தில் சம்பள உயர்வுக் கடிதத்தின் ஏழாவது பதிப்பைப் படித்துக்கொண்டிருந்தாள். சிவசங்கரன் அங்கே ஹெச்.ஆர். அதிகாரி. இருபத்தைந்து வருட அனுபவம். எதற்கும் பதறாத மனிதர். அன்று அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

"மேடம், கேட்ல ஒரு அம்மா நிக்கறாங்க. கையில நம்ம லெட்டர். போன வாரம் செத்துப்போனாரே கோவிந்தராஜன், அவரு சம்சாரம்."

"என்ன லெட்டர் சார்?"

"ரிலீவிங் லெட்டர். அவரு பேருக்கு. 'உங்க ராஜினாமாவ ஏத்துக்கிட்டோம், வருங்காலம் நல்லா அமைய வாழ்த்துக்கள்'னு போட்டிருக்கு. கீழ ஃபிராங்க்ளின் சார் கையெழுத்து."

மங்கைக்குச் சட்டென்று ஒன்றும் விளங்கவில்லை. அப்படி ஒரு கடிதம் போக வழியே இல்லை என்றுதான் முதலில் தோன்றியது. வழி இல்லாமல் செய்தவளே அவள்தான்.

மோட்டார் உதிரிபாகங்கள் செய்யும் அந்த நிறுவனத்துக்குப் பீன்யாவில் இரண்டு தொழிற்சாலைகள், தொம்மலூரில் தலைமை அலுவலகம். ஆயிரத்து எண்ணூறு பேர் வேலை. மங்கை சேர்ந்த காலத்தில் கடிதங்கள் ஆளுக்கொரு விதமாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் ஒரு பழைய ஃபைல். அதைத் திறந்து, போன ஆள் பெயரை அழித்து, புது ஆள் பெயரைப் போட்டு அனுப்புவார்கள். அழிக்க மறந்துவிட்டால் ஹரிஷுக்கு வந்த நியமனக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் அருண்குமார் இருப்பான். ஒரு தொழிற்சாலையில் மூன்று மாத நோட்டீஸ், இன்னொன்றில் இரண்டு மாதம். கேட்டால், "எங்க ஃபார்மட் அப்படித்தான்" என்பார்கள்.

மங்கை அந்தக் குப்பையைக் கிளறி எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தாள். நூற்று நாற்பது ஃபைல்கள் நாற்பத்தோரு டெம்ப்ளேட்டுகளாயின. பெயர், பதவி, தேதி, ஊர் வரவேண்டிய இடங்களில் இரட்டை அடைப்புக்குறிக்குள் காலி இடம் விட்டாள். ஊழியரின் பதிவிலிருந்து அவை தாமாகவே நிரம்பும். ஒவ்வொரு டெம்ப்ளேட்டுக்கும் ஒரு எண், ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு பதிப்பு. ஒரு கமா மாறினாலும் யார் மாற்றினார்கள், எப்போது, ஏன் என்று பதிவாகும். அவள் எழுதுவாள், சட்டப் பிரிவின் மௌரீன் பார்ப்பாள், ஹெச்.ஆர். தலைவர் ஃபிராங்க்ளின் ஒப்புதல் தருவார். அதற்குப் பிறகுதான் தொழிற்சாலைகளின் கண்ணுக்கே அந்தக் கடிதம் தெரியும். பழைய பதிப்பு பூட்டப்பட்டுவிடும். இரண்டு வருட உழைப்பு.

"அந்த அம்மா என்ன கேக்கறாங்க?" என்றாள் மங்கை.

"அவரு வேலைய விட்டுட்டாரான்னு கேக்கறாங்க மேடம். திரும்பத் திரும்ப அதேதான். 'எப்ப எழுதிக் குடுத்தாரு? நீங்க ஏன் என்கிட்ட சொல்லல?' அப்படிங்கறாங்க. தப்பா வந்துடுச்சும்மான்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. கையெழுத்து இருக்குதே, சீல் இருக்குதேங்கறாங்க."

"உள்ள கூப்பிட்டு உக்கார வையுங்க சார். நான் பாத்துட்டு உடனே கூப்பிடறேன்."

கோவிந்தராஜன் லேத் பிரிவில் பதினாறு வருடம் வேலை செய்தவர். செவ்வாய்க்கிழமை காலை ஷிஃப்டுக்காக லக்கரேயில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேக்கரி வாசலில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. நாற்பத்தாறு வயது. இவ்வளவுதான் மங்கைக்குத் தெரியும். அவர் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை.

அவள் பதிவைத் திறந்தாள். சிவசங்கரன் பக்கத்தில் ஒரு தவறும் இல்லை. வேலையிலிருந்து நீங்கிய காரணம் என்ற இடத்தில் 'இறப்பு' என்று சரியாகவே தேர்ந்தெடுத்திருந்தார். கடைசியாக வேலைக்கு வந்த நாள் திங்கட்கிழமை, அதுவும் சரி. கணக்கு முடிக்கும் வேலை தொடங்கியதும் கம்ப்யூட்டர் ஒரு கடிதத்தை எடுத்திருக்கிறது, காலி இடங்களை நிரப்பியிருக்கிறது, ஃபிராங்க்ளினின் கையெழுத்தைப் பதித்திருக்கிறது. அன்றைய நாற்பது கடிதங்களோடு அதுவும் அச்சாகி, உறைக்குள் போய், கூரியரில் ஏறியிருக்கிறது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்திருந்தது.

ஆனால் 'இறப்பு' என்ற காரணத்துக்கு ராஜினாமாக் கடிதம் ஏன் போனது?

எந்தக் காரணத்துக்கு எந்தக் கடிதம் என்று சொல்லும் பட்டியல் ஒன்று உண்டு. அதைத் திறந்தாள். ராஜினாமா, ஓய்வு, ஒப்பந்த முடிவு, பணிநீக்கம் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டெம்ப்ளேட் எண். இறப்புக்கு எதிரே காலி. பட்டியலின் கடைசியில் ஒரு வரி: பொருத்தமான கடிதம் இல்லாவிட்டால், ராஜினாமா ரிலீவிங் லெட்டர், பதிப்பு மூன்று. அந்த வரியைச் சேர்த்தது யார் என்று பார்த்தாள்.

அலர்மேல்மங்கை. சென்ற ஜூன் மாதம், மாலை நாலு இருபது. காரணம் என்ற இடத்தில் அவளே எழுதியிருந்தாள்: 'வெற்றுத் தாள் அச்சாவதைத் தடுக்க. தற்காலிகம்.'

அவளுக்கு நினைவு வந்தது. புது ஏற்பாடு தொடங்கிய முதல் வாரம். சில கடிதங்கள் வெறும் லோகோவோடு வெற்றுத் தாளாக வந்தன. தொழிற்சாலைகளிலிருந்து போன் மேல் போன். அதிகம் போவது ராஜினாமாக் கடிதம்தானே என்று அதையே பொதுவாக வைத்தாள். இரண்டு நிமிட வேலை. கடிதத்தின் வாசகத்தை மாற்றினால்தான் மூன்று பேர் ஒப்புதல் வேண்டும். இந்தப் பட்டியலை மாற்ற யாரும் ஒப்புதல் தரவேண்டியதில்லை. அந்த விதியை வகுத்ததும் அவள்தான்.

இறந்தவர்களின் குடும்பத்துக்கான கடிதம் எழுதப்படாமலும் இல்லை. வரைவில் கிடந்தது. ஐந்து மாதமாக. மௌரீன் ஒரு வரியைச் சுட்டித் திருப்பி அனுப்பியிருந்தாள்: 'தங்கள் துயரில் நிறுவனமும் பங்குகொள்கிறது' என்பது தேவையா, விபத்து மரணமாக இருந்தால் பொறுப்பை ஏற்பதுபோல ஆகாதா என்று. மங்கை ஃபிராங்க்ளினிடம் கேட்டாள். "இது எப்பவோ ஒண்ணு வர்றது மங்கை. மொதல்ல ஆஃபர் லெட்டர முடி, ஆட்கள் வெயிட் பண்றாங்க" என்றார். அவளும் சரியென்று விட்டுவிட்டாள். அந்த வரைவைத் திறந்தால் மனசு கனக்கும் என்பதும் ஒரு காரணம். நியமனக் கடிதம் எழுதுவது எவ்வளவோ மேல்.

அவள் எழுந்து ஃபிராங்க்ளினின் அறைக்குப் போனாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"சிஸ்டம் எரர்னு சொல்லிடு. சாஃப்ட்வேர்காரனுக்கு ஒரு மெயில் போட்டு வெச்சுக்கோ."

"சிஸ்டம் தப்புப் பண்ணல சார். நான் சொன்னதத்தான் செஞ்சிருக்கு."

அவர் அவளையே பார்த்தார். கெட்டவர் இல்லை, ஆடிட்டுக்குப் பயந்தவர். "என் கையெழுத்தும் இருக்குதில்ல அதுல" என்றார். "பாக்காமலே என் கையெழுத்து போகுது. சரி. இப்ப என்ன பண்ணணும்?"

"அந்த லெட்டர வாபஸ் வாங்கணும். இறக்கும்போது அவரு வேலையிலதான் இருந்தாருன்னு சரியான லெட்டர் குடுக்கணும். இன்னைக்கே."

இன்னொன்றையும் அவள் சொன்னாள். கடிதத்தில் நீங்கிய நாள் திங்கட்கிழமை. இறந்தது செவ்வாய். அந்தத் தாளை அப்படியே பி.எஃப். அலுவலகத்தில் காட்டினால், சாகும்போது அவர் ஊழியரே இல்லை என்றாகிவிடும். பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு வரவேண்டிய காப்பீடு தடைபடும்.

இதற்குள் சிவசங்கரன் மறுபடி கூப்பிட்டார். "மேடம், நானே ஒண்ணு டைப் பண்ணி சீல் போட்டுக் குடுத்துடட்டா? பழைய ஃபைல் ஒண்ணு என்கிட்ட இருக்கு. பாவம், ரொம்ப நேரமா உக்காந்திருக்காங்க."

மங்கை கண்ணை மூடிக்கொண்டாள். குடுத்துவிடுங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்தப் பழைய ஃபைலில் என்ன இருக்கும், யாருடைய தேதி இருக்கும்? தப்பை இன்னொரு தப்பால் மூடியதாகிவிட்டால் அந்த அம்மாள் மறுபடியும் வந்து நிற்கவேண்டும்.

"வேணாம் சார். அவங்கள வண்டி வெச்சு வீட்டுக்கு அனுப்பிடுங்க. சாயந்திரம் நானே லெட்டரோட வரேன்னு சொல்லுங்க."

மௌரீன் டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்திருந்தாள். மங்கை லேப்டாப்போடு எதிரில் போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னதும் டப்பாவை மூடிவிட்டாள்.

"ஐயோ. நான்தானே திருப்பி அனுப்பினேன்."

"அப்புறம் நான் ஞாபகப்படுத்தவே இல்ல மேடம்."

இருவரும் ஒவ்வொரு வரியாகப் போனார்கள். கடிதம் யாருக்கு? ஊழியரின் பெயர் வரும் இடத்தில் வாரிசின் பெயர் வரவேண்டும். அந்தக் காலி இடம் நிரம்பாவிட்டால் கடிதம் உருவாகவே கூடாது. நீங்கிய நாள் என்பதை எடுத்துவிட்டு இறந்த நாள் என்று வைத்தார்கள். அந்த நாளில் அவர் பணியில் இருந்தார் என்பதைத் தனி வரியாக. குடும்பம் எந்தெந்தப் படிவம் தரவேண்டும், யாரிடம் கேட்கவேண்டும், அவருடைய போன் நம்பர். ஆங்கிலத்தோடு கன்னடத்திலும் தமிழிலும். கையெழுத்து பேனாவால்தான்; தானாகப் பதியக் கூடாது. கூரியர் கூடாது, யாராவது நேரில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.

துயரில் பங்குகொள்ளும் வரிக்கு வந்ததும் மௌரீன் நிறுத்தினாள்.

"இது இருக்கட்டும்" என்றாள். "ஆனா மங்கை, எல்லாருக்கும் இதே வரி போனா அதுவும் ஒரு மாதிரிதான். எங்க அப்பா ரயில்வேயில இருந்தாரு. அவரு போனப்ப வந்த லெட்டர்ல பக்கத்து வீட்டு அங்கிள் செத்தப்ப வந்த அதே வார்த்தை. அம்மா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாங்க."

அந்த வரிக்குக் கீழே ஒரு காலி இடம் விட்டார்கள். கம்ப்யூட்டர் நிரப்பாத இடம். இறந்தவரோடு வேலை செய்த ஒருவர் தம் கையால் எழுதித் தரவேண்டும். அது இல்லாமல் கடிதம் வெளியே போகாது. மூன்று மணிக்கு மௌரீன் ஒப்புதல் தந்தாள். மூன்றே காலுக்கு ஃபிராங்க்ளின். ஐந்து மாதம் கிடந்தது மூன்று மணி நேரத்தில் முடிந்தது. பதிப்பு ஒன்று. பழைய கடிதத்தை வாபஸ் பெறும் வரியைக் கோவிந்தராஜன் குடும்பத்துக்கான கடிதத்துக்கு மட்டும் தனியாகச் சேர்த்து, அதற்கும் இருவரிடம் ஒப்புதல் வாங்கினாள். பட்டியலிலிருந்து தன் பழைய வரியை மங்கை எடுத்தாள். இனிப் பொருத்தமான கடிதம் இல்லாவிட்டால் எதுவும் போகாது. அவளுக்கும் சிவசங்கரனுக்கும் எச்சரிக்கை வரும். பட்டியலை யார் மாற்றினாலும் ஃபிராங்க்ளின் ஒப்புதல் வேண்டும் என்றும் எழுதிவைத்தாள்.

ஃபிராங்க்ளின் கையெழுத்திட்ட கடிதத்தோடு அவள் பீன்யா போய்ச் சேர மணி ஐந்தரை. லேத் பிரிவின் லைன் லீடரிடம் சிவசங்கரன் ஏற்கெனவே பேசியிருந்தார். அந்த மனிதர் அரை மணி நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்து ஒரே வரி எழுதியிருந்தார்: 'அண்ணன் மெஷினில் இருந்தால் நாங்கள் அளவு சரிபார்க்க மாட்டோம்.' இது போதுமா என்று அவர் கேட்டார். போதும் என்றாள் மங்கை.

லக்கரேயில், இரண்டாம் மாடியில் ஒற்றை அறையும் சமையலறையும். கோவிந்தராஜனின் மனைவி சின்னத்தாயி சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம், நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். பி.யு.சி. இரண்டாம் வருடம் படிக்கும் மகள் சிந்து கதவருகில் நின்றாள். ஆங்கிலக் கடிதத்தை வாசித்து அம்மாவுக்குத் தமிழில் சொன்னவள் அவள்தான்.

மங்கை தரையில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த எதுவும் நினைவில் இல்லை.

"அக்கா, அந்த லெட்டர் தப்பு. அவரு வேலைய விடல. கடைசி வரைக்கும் எங்க கம்பெனியிலதான் இருந்தாரு. தப்புப் பண்ணது நான். கம்ப்யூட்டர்ல எந்த லெட்டர் போகணும்னு வெச்சவ நான்தான்."

சின்னத்தாயி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம சண்ட மேடம்" என்றார். "ஊருக்கே போயிடலாம், இந்த வேல போதும், உடம்பு முடியலன்னாரு. நான்தான் கத்துனேன். பொண்ணு படிப்ப முடிக்கட்டும், அதுக்குள்ள என்ன அவசரம், உனக்கு நோகாம இருக்கணுமான்னு. அப்படித்தான் கேட்டேன். திங்கக்கெழம பூரா என்கூடப் பேசல. செவ்வாக்கெழம டீகூடக் குடிக்காமப் போனாரு." மூச்சை இழுத்துக்கொண்டார். "லெட்டர்ல திங்கக்கெழமன்னு போட்டிருக்குது. அன்னைக்குத்தான் எழுதிக் குடுத்துட்டாரு போல, சொன்னா கத்துவேன்னு சும்மா பஸ்ஸுக்கு நின்னாரு போலன்னு..."

"இல்லக்கா. திங்கக்கெழம அவரு கடைசியா டியூட்டிக்கு வந்த நாள். அதத்தான் கம்ப்யூட்டர் எடுத்துப் போட்டுச்சு. ராஜினாமா எதுவும் கிடையாது. நான் அவரு ஃபைல் முழுக்கப் பாத்துட்டேன்."

"உடம்பு முடியலன்னுதானேம்மா சொன்னாரு" என்றார் சின்னத்தாயி, மங்கைக்குச் சொல்லும் பதிலாக இல்லாமல். "நான் அதக் கேக்கலியே."

சிந்து வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

மங்கை புதுக் கடிதத்தை வாசித்துக் காட்டினாள். முதல் வரியில் சின்னத்தாயியின் பெயர். இறந்த நாள். அந்த நாளில் பணியில் இருந்தார் என்ற வரி. முன்பு அனுப்பிய கடிதம் தவறாக அனுப்பப்பட்டது, அது செல்லாது, நிறுவனம் வருந்துகிறது என்ற வரி. லைன் லீடர் எழுதியதை வாசித்தபோது சின்னத்தாயி, "மறுபடி படிங்க" என்றார். மங்கை மறுபடி படித்தாள். இன்னொரு தரமும் படிக்கச் சொன்னார்.

பழைய கடிதத்தைத் திருப்பி வாங்கவேண்டும் என்று மௌரீன் சொல்லியிருந்தாள். மங்கை கேட்டாள். சின்னத்தாயி மறைக்கவில்லை, தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எட்டாக மடிக்கப்பட்டு, மடிப்புகளில் நைந்திருந்தது. ஓரிரு நாளில் ஒரு தாள் இவ்வளவு நைய முடியும் என்று மங்கைக்குத் தெரியாது.

"டீ சாப்பிட்டுப் போங்க" என்றார் சின்னத்தாயி. வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை. சிந்து போட்டுக்கொண்டு வந்த டீயை மூன்று பேரும் குடித்தார்கள்.

காப்பீட்டு வேலை எட்டு வாரத்தில் முடிந்தது. பி.எஃப். அலுவலகத்தில் எந்தக் கேள்வியும் வரவில்லை. நடந்த தவறை ஒரு பக்கத்துக்கு எழுதி, தன் பெயரையும் போட்டு, மங்கை இரண்டு தொழிற்சாலைகளுக்கும் அனுப்பினாள். அந்தத் தவறுக்காக நிர்வாகத்திடமிருந்து அவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதுவும் அவள் தொகுத்த நாற்பத்தோரு டெம்ப்ளேட்டுகளில் ஒன்றுதான். காலி இடங்கள் சரியாகவே நிரம்பியிருந்தன. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஃபிராங்க்ளின் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

டிசம்பரில் ஒருநாள் மத்தியானம் சிந்து போன் செய்தாள். காலேஜிலிருந்து பேசுகிறாள் போல. பின்னால் ஒரே சத்தம்.

"மேடம், அம்மா கேக்கச் சொல்லல. நான்தான் கேக்கறேன். அம்மா இன்னும் அதையேதான் பேசறாங்க. அப்பா அந்தத் திங்கக்கெழம கம்பெனியில யார்கிட்டயாவது வேலைய விடறேன்னு வாயாலயாவது சொன்னாரா? உங்க ரெக்கார்டுல ஏதாவது இருக்குதா?"

"ரெக்கார்டுல ஒண்ணும் இல்ல சிந்து."

"வாயால?"

அதை மங்கை விசாரித்திருந்தாள். லைன் லீடர், கூட வேலை செய்தவர்கள், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் எல்லோரையும் சிவசங்கரன் கேட்டுப் பார்த்துவிட்டார். அன்று அவர் யாரிடமும் அதிகம் பேசவில்லை என்பதுதான் எல்லோருக்கும் நினைவிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லல" என்றாள் மங்கை.

"சரி மேடம். அம்மாகிட்ட சொல்றேன்" என்றாள் சிந்து. போனை உடனே வைக்கவில்லை. பின்னால் மணி அடித்தது. "மணி அடிக்குது, வகுப்புக்குப் போ" என்றாள் மங்கை.